கேட்டது அறுநூறு, கிடைத்தது நானூறு: மீதிப் பணம் எங்கே போகிறது?

2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் கம்பெனி பங்கு வெளியிட்டபோது, பங்குச் சந்தைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட விண்ணப்பப் படிவத்துக்கு வரிசையில் நின்றார்கள். விற்பனைக்கு வந்ததைப் போல சுமார் 73 மடங்கு பங்குகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரு பங்கின் விலை 450 ரூபாய் என்று முடிவானது. சிறு முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி போக 430 ரூபாய். அந்த முழுத்தொகையையும் முதலிலேயே கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு பங்குக்கு 115 ரூபாய் கட்டிவிட்டு, பங்கு ஒதுக்கப்பட்ட பிறகு மீதியைச் செலுத்தும் வசதியும் இருந்தது.

அந்த வசதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு வினோதம் நடந்தது. 430-ஐ 115-ஆல் வகுத்தால் நாலுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகவே, கேட்டதில் கால்வாசிப் பங்குதான் ஒருவருக்குக் கிடைத்தது என்றால், அவர் முதலில் கட்டிய பணமே அந்தப் பங்குகளின் முழு விலைக்கும் போதும். சிறு முதலீட்டாளர் பிரிவில் கேட்பு பத்து மடங்கையும் தாண்டியிருந்ததால், கிடைத்தது கால்வாசியைவிட மிகக் குறைவு. அதனால் அவர்கள் பாக்கி கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கம்பெனிதான் அவர்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைச் சின்ன எண்களில் பார்த்தால் தெளிவாகும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான கணக்கு. பலர் அதை மனப்பாடமாகச் செய்து தேறியிருப்பார்கள். ஆனால் அது விண்ணப்பித்தவரின் பணத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது.

ஒரு கம்பெனி தலா 10 ரூபாய் முகமதிப்பில் ஒரு லட்சம் பங்குகளை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தோடு 3 ரூபாய், ஒதுக்கீட்டின்போது 4 ரூபாய், பிறகு அழைப்பு விடுக்கும்போது 3 ரூபாய் என மூன்று தவணை. வந்ததோ 2,60,000 பங்குகளுக்கான விண்ணப்பம். வசூலான பணம் 7,80,000 ரூபாய். இது அந்த நேரத்தில் கம்பெனியின் பணம் அல்ல. சட்டப்படி அதை வங்கியில் தனிக் கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும்; ஒதுக்கீடு முடியும்வரை அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய முடியாது.

இயக்குநர் குழு விண்ணப்பங்களை மூன்றாகப் பிரிக்கிறது. 20,000 பங்குகளுக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. அவர்கள் கட்டிய 60,000 ரூபாய் அப்படியே திரும்பிப் போகிறது. 1,20,000 பங்குகள் கேட்ட இரண்டாவது பிரிவினருக்கு 80,000 பங்குகள், அதாவது மூன்று கேட்டவருக்கு இரண்டு. மூன்றாவது பிரிவும் 1,20,000 பங்குகள்தான் கேட்டிருந்தது. அவர்களுக்கு மிஞ்சிய 20,000 பங்குகள், அதாவது ஆறு கேட்டவருக்கு ஒன்று.

இரண்டாவது பிரிவில் ஒருவர் 600 பங்குகள் கேட்டு, 400 பெற்றிருக்கிறார். அவர் கட்டியது 1,800 ரூபாய். 400 பங்குகளுக்கு விண்ணப்பப் பணம் 1,200 போதும். கூடுதலாக இருக்கும் 600 ரூபாயைத் திருப்பித் தராமல், கம்பெனி அதை ஒதுக்கீட்டுத் தவணையில் வரவு வைக்கிறது. ஒதுக்கீட்டுக்கு அவர் தர வேண்டியது 1,600. அதில் 600 ஏற்கெனவே வந்துவிட்டது. பாக்கி 1,000 ரூபாய் மட்டும்.

மூன்றாவது பிரிவில் 600 பங்குகள் கேட்டவருக்கு 100 பங்குகள்தான். அவரும் கட்டியது 1,800. விண்ணப்பத் தவணைக்கு 300 போக 1,500 மிச்சம். ஒதுக்கீட்டுத் தவணைக்கு 400 போக இன்னும் 1,100 மிச்சம். அந்த 1,100 ரூபாயைத்தான் கம்பெனி திருப்பித் தர வேண்டும். இனி வரப்போகும் அழைப்புத் தொகையான 300 ரூபாயையும் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? கம்பெனியின் செயல்முறை விதிகள் அனுமதித்தால் மட்டுமே முடியும். அப்படி வைத்துக்கொண்டால் அது முன்கூட்டிப் பெற்ற அழைப்புப் பணம். அதற்கு வட்டி தர வேண்டிவரலாம்.

மொத்தக் கணக்கையும் சரிபார்க்கலாம். ஒரு லட்சம் பங்குகளின் விண்ணப்பத் தவணை 3,00,000. ஒதுக்கீட்டில் வரவு வைத்தது இரண்டாவது பிரிவில் 1,20,000, மூன்றாவதில் 80,000. திருப்பித் தந்தது நிராகரிக்கப்பட்டவர்களுக்கு 60,000, மூன்றாவது பிரிவுக்கு 2,20,000. கூட்டினால் வந்த 7,80,000 ரூபாயும் கணக்கில் வந்துவிடுகிறது. இந்தக் கூட்டல் பொருந்தவில்லை என்றால், எங்கோ ஒரு பிரிவின் பணம் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது அல்லது விடுபட்டிருக்கிறது.

தவறு அதிகமாக நடப்பது, பாக்கி கட்டாதவரின் கணக்கில். நாம் பார்த்த 400 பங்குக்காரர் ஒதுக்கீட்டுத் தொகையைக் கட்டவில்லை. அவர் பாக்கி 1,600 என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அது அவருக்கு இழைக்கும் அநீதி. அவருடைய 600 ரூபாய் ஏற்கெனவே கம்பெனியிடம் இருக்கிறது. அவர் வைத்த பாக்கி 1,000தான். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவருக்கு எத்தனை பங்குகள் கிடைத்தன என்பதல்ல, எத்தனை கேட்டார் என்பது. பங்கு எண்ணிக்கை 400 என்று மட்டும் தெரிந்தால், மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தைத் திருப்பிப் போட்டு 600 என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகே பாக்கித்தொகை சரியாக வரும்.

அவர் அழைப்புத் தொகையையும் கட்டாமல் விட்டு, முறைப்படி அறிவிப்புத் தந்த பிறகு கம்பெனி அந்தப் பங்குகளைப் பறிமுதல் செய்தால், அவர் இழப்பது கட்டிய 1,800 ரூபாயையும்தான். கேட்காத அழைப்பு ஏதும் இல்லாததால் 400 பங்குகளின் முழு மதிப்பு 4,000. மீதி 2,200 வராத பாக்கி. விண்ணப்பத் தொகை 1,200 மட்டும்தான் பறிபோனது என்று எழுதினால், 600 ரூபாய் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும்.

இன்று ஐபிஓவுக்கு விண்ணப்பிப்பவர் இந்த வரவு வைத்தல்களைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. 2008-இல் செபி கொண்டுவந்த ஆஸ்பா முறையில் பணம் கம்பெனிக்குப் போகாது. விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டு, ஒதுக்கப்பட்ட பங்குகளுக்கானது மட்டும் எடுக்கப்படுகிறது, மீதி விடுவிக்கப்படுகிறது. சிறு முதலீட்டாளர்களுக்குக் கேட்பு மிக அதிகமானால், பங்குகளை விகிதத்தில் நறுக்காமல் குறைந்தபட்ச லாட்டைக் குலுக்கலில் தருகிறார்கள். வெளியீடு முடிந்த மூன்று வேலை நாளில் பங்குகள் சந்தையில் பட்டியலாகிவிடுகின்றன. குலுக்கலில் பெயர் வராதவரின் பணம் முடக்கத்திலிருந்து உரிய நேரத்தில் விடுபடாவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, இதில் எது அதிகமோ அதை இழப்பீடாகத் தர வேண்டும் என்று செபி 2021-இல் விதித்தது. விண்ணப்பித்தவர் செய்ய வேண்டியது, ஒதுக்கீட்டு முடிவு வந்ததும் தன் வங்கிக் கணக்கில் முடக்கம் நீங்கியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த வங்கியிடம் எழுத்தில் புகார் தருவது.