ஆறு லட்சம் எத்தனை வருடம் வரும்?



பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள நம் குழுக்களில், விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் வந்த குடும்பங்கள் உண்டு. 58 வயதில் வேலையை விட்டு நிற்கும்போது பி.எப்., பணிக்கொடை, குழு சேமிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு தொகை கைக்கு வருகிறது. "பேங்க்ல போட்டுட்டா வட்டியிலேயே காலம் தள்ளிடலாம்" என்று பலரும் சொல்கிறோம். அது உண்மைதானா என்று ஒரு நோட்டும் பேனாவும் வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சகோதரிக்கு வயது 58. கையில் 6 லட்சம் ரூபாய். மாதம் 3,000 ரூபாய் பி.எப். பென்ஷன் வருகிறது. 6 லட்சத்துக்கு வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 42,000, மாதத்துக்கு 3,500 ரூபாய். வட்டியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது, சரிதான். ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது. வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரண்டு மடங்கு ஆகிவிடும். அன்றைக்கும் நம் கைக்கு வருவது அதே 3,500தான். அதில் வாங்கும் பொருள் மட்டும் பாதியாகப் போச்சு.

எனவே வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்றபடி கூடுதலாக எடுத்தால்தான் இன்றைய சாப்பாடு நாளைக்கும் கிடைக்கும். அப்படி எடுத்தால் பணம் எத்தனை வருடம் தாங்கும்? வட்டி 7, விலைவாசி ஏற்றம் 6 சதவீதம், வருட ஆரம்பத்திலேயே அந்த வருடச் செலவுக்கு எடுத்துவிடுகிறோம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது:

முதல் வருடம் மாதம் 2,000 (தொகையில் 4 சதவீதம்) எடுத்தால்: 28 வருடம்
மாதம் 3,000 (6 சதவீதம்) எடுத்தால்: 18 வருடம்
மாதம் 4,000 (8 சதவீதம்) எடுத்தால்: 13 வருடம்
மாதம் 5,000 (10 சதவீதம்) எடுத்தால்: 10 வருடம்

உங்களிடம் இருப்பது 3 லட்சமோ 10 லட்சமோ, சதவீதம் ஒன்றாக இருந்தால் வருடமும் ஒன்றுதான்.

நிஜச் செலவு எவ்வளவு?

இப்போது நம் சகோதரிக்கு எந்த வரி பொருந்தும் என்று பார்ப்போம். "மாசம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் அரிசி, மளிகை, காய்கறி, கேஸ், கரண்ட், மாத்திரை என்று கூட்டி 5,800 என்கிறார். பென்ஷன் 3,000 போக 2,800 வேண்டும். தொகையில் இது 5.6 சதவீதம். 19 வருடம் வரும். அதாவது 77 வயது வரை கவலையில்லை என்று தோன்றும்.

ஆனால் மாதா மாதம் வராத செலவுகள் இதில் இல்லை. மொய், தீபாவளி பொங்கல் துணிமணி, ஓடு மாற்றுவது, திடீரென்று ஆஸ்பத்திரி. ஒரு வருடம் முழுக்க எழுதி வைத்துப் பார்த்தால்தான் இவை கண்ணில் படும். வருடத்துக்கு 14,400 என்று வைத்தால் மாதத்துக்கு 1,200. ஆகச் செலவு 7,000. எடுக்க வேண்டியது 4,000. இது 8 சதவீதம். 19 வருடம் என்று நினைத்தது 13 வருடமாகிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விலைவாசி ஏறினாலும் பி.எப். பென்ஷன் அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. 7,000 ரூபாய் செலவு அடுத்த வருடம் 7,420 ஆகும், பென்ஷன் 3,000தான். அந்த 420ம் முழுசாக நம் தொகையிலிருந்துதான் போக வேண்டும். இதையும் சேர்த்துப் போட்டால் 11 வருடம்தான் வருகிறது. 69 வயதில் கை காலி.

நோட்டில் போடும் முறை

ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: வருட ஆரம்ப இருப்பு, எடுப்பது, மீதி, வட்டி. நம் சகோதரியின் முதல் வருடம்: இருப்பு 6,00,000. செலவு 84,000, பென்ஷன் 36,000, எடுப்பது 48,000. மீதி 5,52,000. அதற்கு 7 சதவீத வட்டி 38,640. வருட முடிவில் 5,90,640. இதுவே இரண்டாம் வருட ஆரம்ப இருப்பு. செலவை 6 சதவீதம் கூட்டினால் 89,040. பென்ஷனைக் கழித்தால் எடுப்பது 53,040. இப்படியே பணம் தீரும் வரை எழுதிக்கொண்டே போக வேண்டும்.

எழுதிப் பார்த்தால் ஒரு ஆபத்து தெரியும். மூன்று வருடம் கழித்தும் பாஸ்புக்கில் 5,53,000 இருக்கும். "பெரிசா குறையலையே" என்று தைரியம் வந்துவிடும். ஆனால் ஏழாம் வருட முடிவில் 3,79,000, பத்தாம் வருட முடிவில் 1,28,000. கரைவது கண்ணுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் இருப்பை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வருடம் எடுத்தது வந்த வட்டியை விட அதிகமா என்று பாருங்கள். அதிகம் என்றால் முதல் கரையத் தொடங்கிவிட்டது.

எதை மாற்றினால் எவ்வளவு?

வட்டி கூடுதலாகக் கிடைத்தால்? தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் அறிவித்தார்கள். போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. அதற்குப் பிறகு என்ன வட்டி என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் 7 என்று வைத்தோம். 8 சதவீதம் எடுக்கும் வரியில் கடைசி வரை 8.2 வட்டி கிடைத்தாலும் 13 வருடம் 14 ஆகும், அவ்வளவுதான். எடுப்பதை மாதம் 4,000லிருந்து 3,000 ஆக்கினால் அதுவே 18 வருடம். வட்டியைத் தேடி ஊர் பேர் தெரியாத பைனான்சில் போடுவதை விட எடுப்பதைக் குறைப்பதுதான் அதிகம் கொடுக்கிறது.

தையலோ கறவை மாடோ வைத்து முதல் ஐந்து வருடம் மாதம் 2,000 சம்பாதித்தால், 11 வருடம் ஏறக்குறைய 13 ஆகிறது. மாறாக, பேத்தி காதுகுத்துக்கு முதல் வருடமே ஒரு லட்சம் எடுத்துக் கொடுத்தால் 9 வருடத்தில் முடிந்துவிடும். கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு வருடச் சோற்றைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

"4 சதவீதம் எடுத்தால் 30 வருடம் வரும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994ல் எழுதியது அது. அந்த நாட்டுப் பங்குச் சந்தை, கடன் பத்திரம், அந்த நாட்டு விலைவாசி ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு. டெபாசிட் வட்டியை நம்பும் நமக்கு அது அப்படியே பொருந்தாது.

விலைவாசிக்கு ஏன் 6 சதவீதம்? ரிசர்வ் வங்கிக்கு 2016ல் வகுத்த இலக்கு 4 சதவீதம். 2 முதல் 6 வரை போகலாம் என்பது எல்லை. நாம் மேல் எல்லையை எடுத்துக்கொண்டோம். வயதாக ஆக மருந்துச் செலவு இதையும் தாண்டலாம். ஆகவே இந்தக் கணக்கை ஒரு முறை போட்டு மூடி வைக்கக் கூடாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நிஜ இருப்பையும் நிஜச் செலவையும் வைத்துத் திரும்பப் போட வேண்டும். அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, போன வருடம் மொய்க்கும் மருந்துக்கும் போனது எவ்வளவு என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். மீதிக் கட்டங்களைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.