வேப்பம்பூ ரசத்தில் கசப்பு எங்கே போனது?

பங்குனி, சித்திரை மாதங்களில் வேப்பமரத்தடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். சில வீடுகளில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து அந்தப் பூவைச் சேர்ப்பார்கள். காம்பும் தூசியும் நீக்கி, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியிலும் அது சேரும். ஆக, வேப்பம்பூ நம் சமையலில் ஓர் உணவுப் பொருள்தான்.

இலையையும் சாப்பிடுகிறார்கள். வங்காளத்தில் வேப்பங்கொழுந்தை மொறுமொறுவென்று வறுத்து, கத்தரிக்காயோடு சேர்த்துச் சோற்றில் பிசைந்து உண்பார்கள். அங்கே முதலில் கசப்பு, பிறகுதான் மற்ற குழம்புகள். முற்றிய இலையை அப்படித் தின்ன முடியாது, கசப்பு அதிகம்.

அந்தக் கசப்பு எதற்கு? வேப்பமரம் தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளை விரட்டுவதற்காக லிமனாய்டு என்ற வகை வேதிப்பொருள்களைத் தயாரிக்கிறது. எலுமிச்சை விதையைக் கடித்தால் கசக்கிறதல்லவா? அதிலும் இதே குடும்பத்துப் பொருள்தான் இருக்கிறது. வேம்பிலுள்ள லிமனாய்டுகளில் அசாடிராக்டின் முக்கியமானது. அது உள்ளே போன புழுவால் ஒழுங்காகத் தோலுரித்து வளர முடியாது. மரம் இதை அதிகமாகச் சேர்த்து வைத்திருப்பது விதையில். விதைதானே அடுத்த மரம்! ஆனால் வேப்பம்பழத்தின் சதை இனிக்கும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போட வேண்டுமே.

நம் நாக்கும் கசப்பில் படு உஷார். இனிப்பைக் கண்டுபிடிக்க ஒரே வகை உணர்விதான் பெரும் பங்கு வகிக்கிறது. கசப்புக்கோ சுமார் 25 வகை உணர்விகள் உண்டு. இயற்கையில் பல நஞ்சுகள் கசப்பவை என்பதால் இந்தக் காவல். சிறுவர்களுக்குக் கசப்பு பெரியவர்களைவிடத் தூக்கலாகத் தெரிவதும் உண்டு.

அப்படியானால் ரசத்தில் எப்படி அடங்குகிறது? பூவில் இலையைவிடக் கசப்பு குறைவு. நான்கு பேருக்கான ரசத்துக்கு ஒரு மேசைக்கரண்டி காய்ந்த பூ போதும். அதை நெய்யில் கரும்பழுப்பாக வறுத்துக் கடைசியில் சேர்ப்பார்கள். லிமனாய்டுகள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் ஒரு பகுதி நெய்யிலேயே தங்கி, நாக்குக்கு மெதுவாகத்தான் வரும். உப்பு கசப்பு உணர்வைக் குறைக்கும். புளியும் வெல்லமும் நாக்கின் கவனத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். பூ கருகிவிட்டால் மட்டும் தீய்ந்த கசப்பு புதிதாகச் சேர்ந்துவிடும். அதனால் நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். பூவும் கொழுந்தும் எப்போதாவது கொஞ்சமாகச் சமைத்துச் சாப்பிட மட்டுமே. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. விதையிலிருந்து எடுக்கும் வேப்பெண்ணெய் உணவே அல்ல. அதைக் குடித்த சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து உயிரே போனதுண்டு. உங்கள் வீட்டில் தம்பி, தங்கைக்கு யாராவது அதைப் புகட்ட வந்தால், வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள்.