ஒரு சீட்டுக்குக் கேட்டால் மூன்று சீட்டு நிரம்புகிறது

அக்கா மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறாள். அந்தப் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. புத்தகத்தில் உள்ளதைத் தாண்டி அவளாகவே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். ஒரு குட்டித் திரையரங்கு. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு இருக்கை. காலி இருக்கைக்கு 0, டிக்கெட் போன இருக்கைக்கு 1. முதல் வரிசையில் இரண்டாவது இருக்கையை ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தாள்.

```python
seats = [[0] * 4] * 3
seats[0][1] = 1
print(seats)
```

திரையில் வந்தது இது:

```
[[0, 1, 0, 0], [0, 1, 0, 0], [0, 1, 0, 0]]
```

"மாமா, நான் ஒரு டிக்கெட்தானே கொடுத்தேன்? மூணு வரிசையிலயும் ஆள் உட்கார்ந்துட்டாங்களே!" என்றாள். தட்டச்சுப் பிழை இல்லை. பைத்தானிலும் பிழை இல்லை. பைத்தானின் அதிகாரபூர்வக் கேள்வி பதில் தொகுப்பிலேயே இந்தக் கேள்வி தனித் தலைப்பாக இருக்கிறது என்றால், எத்தனை பேர் இதில் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருக்கல் குறியைப் பார்த்ததும், ஒரு வரிசையை மூன்று நகல் எடுத்து அடுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது நகல் எதையும் எடுக்கவில்லை. பைத்தானில் லிஸ்ட் என்பது பொருள்களை உள்ளே வைத்திருக்கும் பெட்டி இல்லை. பொருள்கள் கணினியின் நினைவகத்தில் எங்கோ இருக்கின்றன. லிஸ்ட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது, அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் விலாசச் சீட்டு மட்டும்தான். `[[0] * 4] * 3` என்று எழுதும்போது உள்ளே இருக்கும் நான்கு இருக்கை வரிசை ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. பெருக்கல் குறி அந்த வரிசையின் விலாசத்தை மூன்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறது. மூன்று சீட்டு, ஒரே வீடு. முதல் சீட்டைப் பார்த்துப் போய் அந்த வீட்டின் ஜன்னலுக்குப் பச்சை அடித்தால், மூன்றாவது சீட்டைப் பிடித்து வருகிறவருக்கும் ஜன்னல் பச்சையாகத்தான் தெரியும்.

இவ்வளவு சொன்னதும் அவள் சரியான இடத்தில் மடக்கினாள். "அப்போ உள்ளே இருக்கிற `[0] * 4`-உம் பெருக்கல்தானே? அங்கேயும் நாலு சீட்டிலயும் ஒரே விலாசம்தானே இருக்கும்? இரண்டாவது இருக்கையை மாத்தினா அந்த வரிசையில நாலும் மாறியிருக்கணுமே?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடந்து போகிறவர்கள் பாதி விஷயத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவள் சொன்னது உண்மை. அங்கேயும் நான்கு கட்டங்களும் ஒரே 0-வைத்தான் காட்டுகின்றன. ஆனால் `seats[0][1] = 1` என்ற வரி அந்த 0-வுக்குள் போய் எதையும் மாற்றவில்லை. எண்ணை உள்ளே புகுந்து மாற்றவும் முடியாது. பைத்தானில் 0 என்றைக்கும் 0-தான். அந்த வரி செய்வது, இரண்டாவது கட்டத்தில் இருந்த சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு, 1-இன் விலாசம் எழுதிய புதுச் சீட்டை வைப்பது. பக்கத்துக் கட்டங்களின் சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. அதனால் அந்த வரிசைக்குள் ஓர் இருக்கை மட்டும் மாறுகிறது. ஆனால் அந்த வரிசைக்கே மூன்று சீட்டுகள் இருப்பதால், மாற்றம் மூன்று இடத்திலும் தெரிகிறது.

ஆக, சீட்டை மாற்றுவது ஒன்று. சீட்டு காட்டும் வீட்டுக்குள் போய் மாற்றுவது வேறொன்று. இதைச் சோதித்துப் பார்க்க அவளை ஒரு வரி எழுதச் சொன்னேன்: `seats[0] = [9, 9, 9, 9]`. இப்போது முதல் வரிசை மட்டும் மாறியது, மற்ற இரண்டும் பழையபடி. இங்கே வெளி லிஸ்ட்டின் முதல் சீட்டையே மாற்றிவிட்டோம், வீட்டைத் தொடவில்லை. இதற்குப் பதிலாக, பழைய நிலையில் `seats[0].append(5)` என்று எழுதியிருந்தால் மூன்று வரிசையிலும் ஐந்தாவது இருக்கை முளைத்திருக்கும். `append` வீட்டுக்குள் போகிற வேலை.

இந்தப் பிழையின் குறும்பு என்னவென்றால், உருவாக்கிய உடனே அச்சிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மூன்று வரிசை, எல்லாம் 0. `==` போட்டு ஒப்பிட்டாலும் உதவாது. தனித்தனி வரிசைகளாக இருந்தாலும், ஒரே வரிசையாக இருந்தாலும், உள்ளடக்கம் ஒன்றுபோல் இருக்கும்வரை அது `True` என்றே சொல்லும். கேட்க வேண்டிய கேள்வி வேறு:

```python
print(seats[0] is seats[1])
```

`is` உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு சீட்டும் ஒரே வீட்டுக்குத்தானா என்று பார்க்கிறது. `True` வந்தால் மாட்டிக்கொண்டீர்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. சுழல் போட்டு வரிசைக்கு வரிசை வேறு வேறு எண்களை நிரப்பிய பிறகு, எல்லா வரிசையிலும் கடைசி வரிசையின் எண்களே நின்றால், ஒரே வரிசையின் மேல் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பாடு நிரப்பிப் பார்த்தால் மூன்று வரிசையும் 3, 6, 9, 12 என்று நிற்கும்.

தீர்வு ஒரு வரிதான்.

```python
seats = [[0] * 4 for _ in range(3)]
```

பெருக்கல் குறியின் கைக்கு வரிசை வந்து சேரும்போதே அது கட்டி முடித்த வீடு. விலாசத்தைத் திரும்ப எழுதுவது தவிர அதற்கு வேறு வழி இல்லை. `for` அப்படியல்ல. ஒவ்வொரு சுற்றிலும் `[0] * 4` என்ற பகுதியை முதலிலிருந்து ஓட்டுகிறது. மூன்று சுற்று, மூன்று புது வீடு. உள்ளே இருக்கும் பெருக்கலை அப்படியே விட்டதைக் கவனியுங்கள். அங்கே இருப்பவை எண்கள், ஆபத்தில்லை. எண்ணுக்குப் பதில் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு லிஸ்ட் வைப்பதாக இருந்தால் அதையும் `for` கொண்டுதான் எழுத வேண்டும்.

கெட்டுப்போன கட்டத்தை நகலெடுத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் `copy.deepcopy`-யைத் தேடிப் போவார்கள். ஆழமான நகல் என்று பெயர் இருப்பதால் வரிசைகளைப் பிரித்துவிடும் என்று எனக்கும் ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. பிரிக்காது. ஏற்கெனவே நகலெடுத்த பொருள் மறுபடி எதிர்ப்பட்டால், எடுத்த நகலையே திரும்பக் கொடுக்கும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வீட்டுக்கு மூன்று சீட்டு என்றால், நகலிலும் ஒரு புது வீடு, அதற்கு மூன்று சீட்டு. வரிசைகளை உண்மையிலேயே பிரிக்க `[list(r) for r in seats]` போதும். ஆனால் அதற்குள் தவறாக விழுந்துவிட்ட 1-கள் அப்படியே இருக்கும். எந்த இருக்கை உண்மையில் விற்றது என்பதை அந்தக் கட்டத்திலிருந்து யாராலும் மீட்க முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு கட்டத்தோடு வந்து நின்றால், நிரலை அழித்துப் புதிதாக எழுதச் சொல்லாதீர்கள். முதலில் அந்த `is` வரியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.