காய்ந்த பெயின்ட் கறையும் சரீர ஜாக்கிரதையும்

பொங்கலுக்கு முன்போ கிருகப்பிரவேசத்துக்கு முன்போ வீட்டுக்கு வர்ணம் அடித்து முடித்து, வேலையாட்கள் ஏணியையும் சாரத்தையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, டைல்ஸ் தரையில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளையும் ஜன்னல் கண்ணாடியில் தெறித்துக் காய்ந்த திட்டுகளையும் அகற்றும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுகிறது. மிஞ்சிய தின்னர் டப்பா மூலையிலேயே இருப்பதால் அதைத் துணியில் ஊற்றித் துடைப்பதும், முகச்சவர பிளேடை வெறும் விரலில் பிடித்துச் சுரண்டுவதும், எதற்கும் மசியாத கறைக்கு ஆசிட் வாங்கி வருவதும் சர்வ சாதாரணமாக நடக்கின்றன. இம்மூன்றும் இல்லாமலே அநேகக் கறைகள் போய்விடும் என்பதையும், இம்மூன்றினாலும் தேகத்துக்கு நேரும் தீங்கு எத்தகையது என்பதையும் இங்கே விவரமாகப் பார்க்கலாம்.

எந்தப் பெயின்ட் என்று அறிவது

வீட்டில் அடிக்கும் பெயின்டுகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கலந்தது. கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் எனாமல் எண்ணெய்ச் சார்புடையது. காய்ந்தபின் பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றலாமாகையால், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் சிறிது பஞ்சை நனைத்து, கறையின் மேல் அரை நிமிஷம் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சில் வர்ணம் ஏறி, கறையும் பிசுபிசுத்தால் அது எமல்ஷன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் எனாமல். இந்தச் சிறிய பரீட்சையைச் செய்துவிட்டால், தண்ணீரால் தீரக்கூடிய கறைக்குத் தின்னரைத் தேடிப்போக வேண்டிய அவசியம் இராது.

தரையில் விழுந்த எமல்ஷன்

பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஒரு படுக்கையறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சுவரோரமாக எமல்ஷன் புள்ளிகள் தரையெங்கும் இறைந்திருக்கின்றன. ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு கரண்டி கலந்து, பழைய வேஷ்டித் துணியை அதில் நனைத்துப் புள்ளிகளின் மேல் விரித்து, கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். காய்ந்த எமல்ஷன் படலத்துக்குள் மெள்ள நீர் இறங்கும்; அது உப்பி, தரையோடு உள்ள பிடிப்பை விடும். பிறகு, காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பை அடியில் கொடுத்துத் தள்ளினால், காய்ச்சிய பாலின் ஆடையைப் போல அது சுருண்டு வந்துவிடும். வரவில்லையெனில் பலத்தைக் கூட்டாமல் இன்னும் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். பிடிவாதமாக நிற்கும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மட்டும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும். டைல்ஸ் சந்துகளில் இறங்கியதைப் பழைய பல் பிரஷ் எடுத்துவிடும். சோப்பு நீர் பட்ட டைல்ஸ் மிகவும் வழுக்கும். ஆகையால் வயதானவர்களை அந்த அறைக்குள் வரவிடாமல் நாலைந்து டைல்ஸ்களாக ஊறவைத்து, அவற்றை உலரத் துடைத்த பிறகே அடுத்த பகுதிக்குப் போவது உசிதம்.

கண்ணாடியில் தெறித்த எனாமல்

அதே அறையின் ஜன்னலில், கம்பிக்கு அடித்த எனாமல் கண்ணாடியில் தெறித்திருக்கிறது. எனாமல் நீரில் ஊறாது. ஆனால் வழவழப்பான கண்ணாடியை அது பற்றிக்கொள்ளும் வலுவும் அதிகமில்லை. முதலில் கண்ணாடியை நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் சிமென்ட் தூளையும் பட்டித் தூளையும் போக்கிவிட வேண்டும்; கண்ணாடியில் கீறல் விழுவது பெரும்பாலும் பிளேடுக்கு அடியில் சிக்கும் அந்தத் தூளினாலேயே. பின்னர் சோப்பு நீரால் நனைத்து, கைப்பிடியுள்ள சுரண்டியில் புது பிளேடைப் பொருத்தி, கண்ணாடியோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வைத்து, ஒரே திசையில் முன்னோக்கித் தள்ள வேண்டும். பின்னோக்கி இழுக்காமல், தூக்கி மறுபடி வைக்க வேண்டும். ஈரம் உலர்ந்தால் உடனே நனைத்துக்கொள்வது முக்கியம். உலர்ந்த கறையைச் சுரண்டினால் துகள் தெறித்துக் கண்ணில் விழும். மூக்குக் கண்ணாடியாவது அணிந்துகொள்வது நல்லது. சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும், மூலையில் டஃபன்ட் என்று முத்திரையிட்ட கண்ணாடியிலும் பிளேடை உபயோகிக்கலாகாது. மாடி ஜன்னலின் வெளிப்புறத்துக்காக எட்டிச் சாய்வதும் கூடாது. நகரும் ஜன்னலாயின் ஒருவர் உதவியோடு கதவைக் கழற்றி உள்ளே வைத்துச் சுத்தம் செய்யலாம்.

தின்னரின் ஆவி

டைல்ஸில் விழுந்த எனாமலையும் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டியபின் எஞ்சும் சாயலுக்குச் சிறிதளவு டர்பன்டைன் தேவைப்படலாம். துணியின் நுனியில் மட்டும் நனைத்துத் துடைத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். தரையில் நேராக ஊற்றக் கூடாது. தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையை ஒட்டியே தேங்குவதால், நின்று சுவருக்கு அடித்தவரைவிட, தரையில் குந்தித் துடைப்பவரும் அருகே தவழும் குழந்தையும் அதை அதிகமாகச் சுவாசிக்கிறார்கள். சற்று நேரத்தில் மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிவிடும்; நாற்றம் தெரியவில்லை என்பதைக்கொண்டு ஆவி போய்விட்டதென்று எண்ணலாகாது. தலைவலி, மயக்கம், குமட்டல், கண்ணெரிச்சல் இவற்றில் எது தோன்றினாலும் வேலையை விட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் அதே ஆவிதான் அறைக்குள் சுற்றும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஜன்னலும் கதவும் திறந்திருப்பதே பரிகாரம். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எரியலாகாது. நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்து உலர்த்த வேண்டும்.

ஆசிட் ஏன் வேண்டாம்

காய்ந்த பெயின்ட் படலத்தை ஆசிட் கரைப்பதில்லை. டைல்ஸ் சந்திலுள்ள சிமென்டைத்தான் அரிக்கிறது. அதன் புகை தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டாலோ குளோரின் என்னும் விஷ வாயு கிளம்பும். ஆசிட்டுக்கு இளகக்கூடியது சுண்ணாம்புத் திட்டு மட்டுமே. அதற்கும் வினிகர் போதும்.

பழைய வர்ணத்தின் தூள்

புதுப் பெயின்ட் அடிக்குமுன் கம்பியையும் கதவையும் உப்புத்தாளால் தேய்த்த தூள், தரைக்கறைகளோடு கலந்து கிடக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முற்பட்ட எனாமலில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. ஆகவே விளக்குமாற்றால் பெருக்கித் தூளைக் கிளப்பாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

தின்னரோ டர்பன்டைனோ கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு குழாய் நீரில் 15 நிமிஷம் கழுவியபின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தியின்போது அந்தத் திரவம் நுரையீரலுக்குள் புகுந்துவிட்டால் அபாயம் பன்மடங்காகும். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிச்சமான திரவத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கமே இத்தகைய துயரங்களுக்குப் பெரும்பாலும் காரணமாதலால், அதை அதன் டப்பாவிலேயே இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பதோடுதான் கறை அகற்றும் வேலை முடிகிறது.