450 ரூபாய் எங்கே?

ஒரு மருந்துக்கடையை எடுத்துக்கொள்வோம். மாத முடிவில் யூபிஐ பில்களின் கூட்டுத்தொகை வங்கி வரவைவிட 450 ரூபாய் அதிகம். ஆயிரக்கணக்கான பில்களைப் புரட்ட வேண்டாம். இரு பக்கத்திலும் நாள்வாரியாகக் கூட்டினால் போதும்.

12ஆம் தேதியில் அதே 450 இடிக்கிறது. 20இல் 300 கூடுதல், 21இல் 300 குறைவு. இது நள்ளிரவைத் தாண்டி வரவான பணம். மாதக் கூட்டலில் கண்ணுக்கே தெரிந்திருக்காது. மொத்தம் பொருந்துவதை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான். பில்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, 12ஆம் தேதியை மணிவாரியாகப் பிரித்தால் இரவு 7 முதல் 8 வரை மட்டும் உதைக்கிறது: பில்கள் 23, வரவுகள் 22. ஒவ்வொன்றாக டிக் அடித்தால், 7:42க்குப் போட்ட 450 ரூபாய் பில் 7:43க்கு மறுபடியும் பதிவாகியிருக்கிறது.