வேலை வந்ததும் எழுப்பிவிடும் வெப்ஹுக்

மென்பொருள் குழு ஒன்றில் ஒருவர் தான் திருத்திய நிரலை கிட்ஹப் தளத்தில் ஏற்றுகிறார். அந்தத் திருத்தம் ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எதையாவது கெடுத்துவிட்டதா என்று பார்க்க, நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டியாக வேண்டும். கிட்ஹப் அதை ஒரு வேலையாகக் குறித்து வரிசையில் வைக்கிறது. வேலையை எடுத்துச் செய்யும் கணினியை அங்கே ரன்னர் என்பார்கள். கிட்ஹப்பே ரன்னர்களைத் தருகிறது. ஆனால் கூடுதல் நினைவகம் வேண்டும், அலுவலக வலையமைப்புக்குள் இருக்கும் டேட்டாபேஸைத் தொட வேண்டும் என்கிற குழுக்கள் சொந்த ரன்னர்களை வைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் அவை கிளவுடில் வாடகைக்கு எடுத்தவை. இரவெல்லாம் சும்மா ஓடினாலும் பில் ஏறும். எனவே வேலை வந்தால் மட்டும் கணினி எழ வேண்டும், முடிந்ததும் மறைய வேண்டும்.

வேலை வந்திருக்கிறது என்பது எப்படித் தெரியும்? ஐந்து விநாடிக்கு ஒருமுறை கிட்ஹப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு நிரல் களஞ்சியத்துக்கு அது மணிக்கு 720 கேள்வி. சாதாரணப் பயனர் டோக்கன் ஒன்றுக்கு கிட்ஹப் அனுமதிப்பது மணிக்கு 5000. ஏழு களஞ்சியங்கள் இருந்தாலே 5040 ஆகிவிடும். அதற்குப் பிறகு பதில் கிடைக்காது. அத்தனை கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பதும் ‘ஒன்றும் இல்லை’ என்ற பதில்தான். சர்க்கரை வந்ததா என்று தினமும் ரேஷன் கடைக்கு நடப்பதற்குப் பதில், வந்ததும் கடைக்காரரையே போன் பண்ணச் சொல்லிவிடுவது போன்றதுதான் வெப்ஹுக். கிட்ஹப்பிடம் நம் சர்வரின் முகவரி ஒன்றைக் கொடுத்துவைக்கிறோம். வேலை வரிசையில் சேர்ந்ததும் கிட்ஹப் அந்த முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது.

செய்தியில் ஏராளமான விவரம் இருக்கும். நமக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்தால் இப்படி இருக்கும்:

```json
{
  "action": "queued",
  "workflow_job": {
    "id": 4207,
    "labels": ["self-hosted", "linux"]
  }
}
```

வேலை ஒன்று வரிசையில் நிற்கிறது, அதன் எண் இது, லினக்ஸ் ஓடும் சொந்த ரன்னர் தேவை என்பதே இதன் பொருள். பிறகு ரன்னர் வேலையை எடுத்ததும் `in_progress` என்று ஒரு செய்தி வரும். முடிந்ததும் `completed` என்று இன்னொன்று.

முதல் செய்தி வந்தவுடன் நம் சர்வர் என்ன செய்ய வேண்டும்? கணினியை எழுப்பி, அது தயாரான பிறகு கிட்ஹப்புக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல். கிட்ஹப் பதிலுக்காகக் காத்திருப்பது 10 விநாடி மட்டுமே. கிளவுடில் ஒரு கணினி எழுந்து தயாராக ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். பத்தாவது விநாடி தாண்டியதும் கிட்ஹப் இணைப்பைத் துண்டித்து, செய்தி போய்ச்சேரவில்லை என்று குறித்துக்கொள்ளும். ஆகவே நல்ல அமைப்பு செய்தியை வாங்கித் தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, கிடைத்தது என்று உடனே பதில் அனுப்பிவிடும். கணினியை எழுப்புவது அதற்குப் பிறகு, தனியாக நடக்கும்.

பதில் சொல்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் முகவரி இணையத்தில் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் கிட்ஹப் போலப் பேசி நூறு கணினிகளை எழுப்பிவிட முடியும். பில் நம் தலையில் விழும். இதைத் தடுக்க, நமக்கும் கிட்ஹப்புக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சொல் ஒன்றை முதலிலேயே பதிவுசெய்கிறோம். செய்தியையும் அந்தச் சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு முத்திரையை கிட்ஹப் `X-Hub-Signature-256` என்ற தலைப்பில் அனுப்புகிறது. அதே கணக்கை நாமும் போட்டுப் பார்த்து, முத்திரை பொருந்தினால் மட்டும் ஏற்க வேண்டும். வந்த செய்தியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் கணக்கிட வேண்டும் என்பது முக்கியம். செய்தியைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் இடைவெளி கூடினாலும் முத்திரை பொருந்தாது. முத்திரை சரிவரவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இனி கணினி எழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 4207ஆம் வேலைக்காக எழுந்த கணினி 4207ஐத்தான் செய்யும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. செய்தி வந்ததற்கும் கணினி தயாரானதற்கும் இடையிலான ஒரு நிமிடத்தில், வேறொரு வேலையை முடித்த ரன்னர் 4207ஐ எடுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது ஏற்றியவரே அதை ரத்து செய்திருக்கலாம். புதுக் கணினி தன் லேபிளுக்குப் பொருந்தும் எந்த வேலை இருந்தாலும் எடுக்கும். எதுவும் இல்லையென்றால் சும்மா நிற்கும். இந்த வேலைக்கு இந்தக் கணினி என்று முடிச்சுப் போட்டு எழுதிய அமைப்புகள் இங்கே தடுமாறிவிடுகின்றன. எத்தனை வேலை காத்திருக்கிறது, எத்தனை கணினி எழுந்திருக்கிறது என்று எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவதே என் பார்வையில் சரியான வழி. சில நிமிடங்கள் வேலையில்லாமல் நிற்கும் கணினியைத் தயங்காமல் அணைத்துவிடலாம்.

மிகவும் தொந்தரவு தரும் கோளாறு, செய்தியே வந்து சேராமல் போவது. நம் சர்வரைப் புதுப்பிக்க இரண்டு நிமிடம் நிறுத்துகிறோம். சரியாக அந்த நேரத்தில் ஒரு வேலை வருகிறது. அனுப்பத் தவறிய செய்தியை கிட்ஹப் தானாக மறுபடி அனுப்புவதில்லை. பல சேவைகள் விட்டுவிட்டு முயன்று பார்க்கும். கிட்ஹப் அப்படிச் செய்யாது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. விளைவு, ஏற்றியவரின் திரையில் ரன்னருக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி மட்டும் அசையாமல் நிற்கும். எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் இருக்காது. சொந்த ரன்னருக்கான வேலை வரிசையில் 24 மணி நேரம் வரைதான் நிற்கும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் தோற்றதாக முடிந்துபோகும்.

இப்படி நேர்ந்தால் வெப்ஹுக் அமைப்புப் பக்கத்தில் `Recent Deliveries` என்ற பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு செய்தியும் எப்போது போனது, நம் சர்வர் என்ன பதில் சொன்னது என்று அங்கே இருக்கும். கடந்த மூன்று நாட்களுக்குள் போன செய்தியை அங்கிருந்தே மறுபடி அனுப்பச் சொல்லலாம். ஏற்கெனவே கிடைத்த செய்தியையே தவறுதலாக மறுபடி அனுப்பிவிட்டால்? மறு அனுப்பலிலும் `X-GitHub-Delivery` என்ற அடையாள எண் பழையதாகவே இருக்கும். அந்த எண்ணைக் குறித்துவைத்திருந்தால், இதைப் பார்த்தாகிவிட்டது என்று ஒதுக்கிவிடலாம். ஒரே வேலைக்கு இரண்டு கணினிகள் எழாது.

ஆனால் நள்ளிரவில் யார் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வேலை வரிசை கிட்ஹப்பிடம் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தது அதைப் பற்றிய தகவல் மட்டும்தான். எனவே விஷயம் தெரிந்தவர்கள் வெப்ஹுக்கோடு நிற்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிட்ஹப்பை நேராகக் கேட்கும் சிறு நிரல் ஒன்றையும் வைத்திருப்பார்கள். ஒரு களஞ்சியத்துக்கு மணிக்கு 12 முறை கேட்பதால் வரம்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. காத்திருக்கும் வேலைக்குக் கணினி இல்லையென்று கண்டால் அது ஒன்றை எழுப்பும். எழுப்பியதைக் குறித்தும் வைக்கும். மாதத்தில் ஒன்றிரண்டு குறிப்புகள் என்றால் பரவாயில்லை. ஒரே வாரத்தில் பத்து இருபது என்று ஏறினால், செய்தியை வாங்கும் சர்வர் 10 விநாடிக்குள் பதில் சொல்லத் திணறுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.