பெயர் அறியாப் பொருளின் சூத்திரம்

பெயர் அறியப்படாத ஒரு சேர்வை இரசாயனவியலாரின் கைக்கு வரும்பொழுது அவர் எழுப்பும் முதல் வினா, அதன் மூலக்கூற்றில் எம்மூலகத்தின் அணுக்கள் எத்தனை உள என்பதே. முற்காலத்தில் இதற்கு விடை காண்பதற்குப் பொருளை எரித்து, அதிலிருந்து எழும் காபனீரொட்சைட்டையும் நீரையும் நிறுத்து அறிந்தனர். இன்று திணிவு நிறமாலைமானி என்னும் கருவி மிகச் சிற்றளவுப் பொருளின் மூலக்கூறுகளை அயன்களாக்கி, அவற்றின் திணிவை அளந்து தருகின்றது. ஆயினும் கருவி தருவது எண்ணே. அவ்வெண்ணைச் சூத்திரமாக மாற்றுவது நம் கடன். அதற்கு வழிகள் இரண்டு உள. அவை தனித்தனியே நில்லாது ஒன்றுக்கொன்று துணையாகும் முறையை ஈண்டு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

முதலாவது வழி நைதரசன் விதி. ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் திணிவெண்கள் முறையே 1, 12, 14, 16. வலுவளவுகள் 1, 4, 3, 2. ஐதரசனுக்கு இரண்டும் ஒற்றை எண்கள். காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இரண்டும் இரட்டை எண்கள். நைதரசன் ஒன்றே இவ்வொழுங்கை மீறி, இரட்டைத் திணிவெண்ணும் ஒற்றை வலுவளவும் உடையதாய் நிற்கின்றது. இனி, ஒவ்வொரு பிணைப்புக்கும் இரு முனைகள் உண்டு. ஆதலின் பிணைப்பில் குறைவற்ற மூலக்கூறொன்றில் எல்லா அணுக்களின் வலுவளவுகளையும் கூட்டினால் வருவது இரட்டை எண்ணாதல் வேண்டும். இதனால் நைதரசன் அணுக்களின் தொகை ஒற்றையாயின் ஐதரசன் அணுக்களின் தொகையும் ஒற்றையாகும். மூலக்கூற்றின் திணிவெண்ணை ஒற்றையாக்க வல்லதோ ஐதரசன் மட்டுமே. எனவே திணிவெண் ஒற்றையாயின் நைதரசன் அணுக்கள் ஒற்றைத் தொகையின. இரட்டையாயின் நைதரசன் இல்லை, அன்றி இரட்டைத் தொகையில் உண்டு. நீர் 18, அமோனியா 17, இரு நைதரசன் அணுக்களையுடைய ஐதரசீன் 32 என்பவற்றால் இதனைச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது வழி துல்லியத் திணிவு. 1961 ஆம் ஆண்டு முதல் காபன்-12 சமதானியின் திணிவு சரியாக 12 எனக் கொள்ளப்படுகின்றது. அவ்வளவையில் ஐதரசன் 1.007825, நைதரசன் 14.003074, ஒட்சிசன் 15.994915 ஆகும். கருவின் துணிக்கைகள் பிணைந்திருக்கும் வலிமை அணுவுக்கு அணு வேறுபடுவதே இப்பின்னங்களுக்குக் காரணம். காபனோரொட்சைட்டு, நைதரசன் வாயு, எதிலீன் ஆகிய மூன்றின் திணிவெண்ணும் 28; ஆனால் துல்லியத் திணிவுகளோ முறையே 27.9949, 28.0061, 28.0313. தசமத்தானங்களை அளக்க முடிந்தால் சூத்திரத்தையும் துணியலாம் என்பதை இங்கிலாந்தில் பேனன் என்பவர் 1954 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இனி எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஒரு வெண்ணிறத் தூளின் கரைசலை, மின்புலத்தால் நுண்துளிகளாகச் சிதறச் செய்து கருவியுட் செலுத்தினோம் என்க. 286.1435 இல் ஓர் உச்சியும் 308.1254 இல் சிறியதோர் உச்சியும் தோன்றின. முதற்கண் வினவவேண்டுவது, 286 என்பது மூலக்கூற்றின் திணிவுதானா என்பது. இம்முறையில் மூலக்கூறு பெரும்பாலும் ஒரு புரோத்தனை ஏற்றே அயனாகின்றது. சில வேளைகளில் சோடியம் அயனை ஏற்கின்றது. சோடியம் அயனுக்கும் புரோத்தனுக்கும் உள்ள திணிவு வேற்றுமை 21.9819. நம் இரு உச்சிகளின் இடைவெளியும் அதுவே. ஆகவே 286 புரோத்தனேற்ற அயன் என்பது உறுதியாகின்றது. புரோத்தனின் திணிவாகிய 1.0073 ஐக் கழிக்க மூலக்கூற்றுத் திணிவு 285.1362 எனக் கிடைக்கும். இங்கே ஐதரசன் அணுவின் திணிவைக் கழித்தல் ஆகாது. ஓர் இலத்திரனின் திணிவாகிய 0.0005 கூட இக்கணக்கில் பொருட்படுத்தத் தக்கது.

கருவியின் வழு பத்து இலட்சத்தில் ஐந்து பங்குக்கு மேற்படாது எனக் கொண்டால், உண்மைத் திணிவு 285.1362 இலிருந்து 0.0014 க்கு மேல் விலகியிராது. உச்சிக்கு இரண்டு அலகு மேலே குளோரீனுக்கோ கந்தகத்துக்கோ உரிய சமதானி உச்சி காணப்படவில்லை. ஆதலின் முற்கூறிய நான்கு மூலகங்களை மட்டும் கொண்டு கணிப்போம். நடைமுறைக்கு ஒவ்வாதவற்றை ஒதுக்கினால் அவ்வெல்லைக்குள் எஞ்சுவன இரண்டே சூத்திரங்கள்: C₁₇H₁₉NO₃, அதன் திணிவு 285.1365, C₁₅H₁₇N₄O₂, அதன் திணிவு 285.1352. இவற்றின் வேற்றுமை 0.0013 மட்டுமே. மூன்று நைதரசன் அணுக்களின் திணிவு, இரு காபனும் இரு ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த தொகுதியின் திணிவுக்கு மிக அண்மையது என்பதே இந்நெருக்கத்துக்குக் காரணம். துல்லியத் திணிவு மாத்திரம் கொண்டு இங்கே தீர்ப்புக் கூறுதல் துணிச்சலாகும்.

தயக்கத்தைத் தீர்ப்பது நைதரசன் விதி. 285 ஒற்றை எண். நைதரசனும் ஒற்றையாதல் வேண்டும். இரண்டாவது சூத்திரத்தில் நைதரசன் நான்கு. அத்தகைய மூலக்கூறு பிணைப்பு நிரம்பாத ஒன்றாகும். அது விலக, C₁₇H₁₉NO₃ நிலைபெறுகின்றது. மறுதலையாக, நைதரசன் விதி தனித்து நின்றால், 285 க்குரிய ஒற்றை நைதரசன் சூத்திரங்கள் பல எஞ்சியிருக்கும். அவற்றுள் C₁₂H₁₉N₃O₅ போன்றவற்றை விலக்கியது துல்லியத் திணிவே. அதன் திணிவு 285.1325.

சோடியம் உச்சியை முதலில் நோக்கியதன் பயன் இங்கே புலனாகும். 286 ஐயே மூலக்கூற்றுத் திணிவெனப் பிழைபடக் கொண்டிருந்தால் அது இரட்டை எண். அவ்வழியில் C₁₅H₁₈N₄O₂ என்னும் சூத்திரம் விதிக்கும் அளவீட்டுக்கும் பொருந்துவதாகத் தோன்றியிருக்கும். எந்த அயன் என்பதை அறியாதார்க்கு நைதரசன் விதி வழிகாட்டாது. வழி தவறவும் செய்யும்.

பெரிய மூலக்கூறுகளில் வேறோர் இடர் உண்டு. ஐதரசன் ஒவ்வொன்றும் தரும் 0.0078 சிறுகச் சிறுகச் சேர்ந்து முழு எண்ணையே மாற்றிவிடும். திரைத்தியரின் என்னும் கொழுப்பின் சூத்திரம் C₅₇H₁₁₀O₆, திணிவெண் 890. ஆனால் துல்லியத் திணிவு 890.8302. அதனை அண்மிய முழு எண்ணாக 891 என எழுதினால், நைதரசனே இல்லாத கொழுப்பில் நைதரசன் இருப்பதாக முடிவு செய்ய நேரும். விதிக்குரியது, அணுக்களின் திணிவெண்களைக் கூட்டிப் பெறும் எண்ணேயன்றி, அளந்த திணிவை முழுமையாக்கிய எண் அன்று.

இனி C₁₇H₁₉NO₃ என்பது யாது? மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரீனின் சூத்திரம் அது. அபினியின் மோபீனுக்கும் சூத்திரம் அதுவே! அணுக்களின் தொகை ஒன்று. அவை இணைந்த முறையே வேறு. இரண்டும் ஒரே திணிவுடையன ஆதலின் எத்துணைத் துல்லியமான கருவியும் முழு மூலக்கூற்றின் திணிவால் அவற்றைப் பிரித்தறியாது. சமையலறைப் பொருளா, சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தா என்று உரைக்க வேண்டிய ஆய்வாளர், சூத்திரத்தோடு நின்றுவிடின் பெருந்தவறு நேரும்.

ஆகவே அவர் அயனை உடைத்து, துண்டுகளை அளப்பார். அங்கும் ஒரு விந்தை: இரண்டும் 201 இல் ஒரு துண்டைத் தருகின்றன. பைப்பரீனின் துண்டு, பைப்பரிடீன் நீங்கியபின் எஞ்சும் C₁₂H₉O₃ அயன், திணிவு 201.0546. மோபீனின் துண்டு C₁₃H₁₃O₂ அயன்; திணிவு 201.0910. முழு எண்ணளவில் ஒன்றாய்த் தோன்றிய இவ்விரண்டையும் இரண்டாம் தசமத்தானமே பிரித்துவிடுகின்றது. மூலக்கூறு முழுமையாய் நின்றபோது விடை கூறாத துல்லியத் திணிவு, அது உடைந்தபின் விடை கூறுகின்றது.